தீர்மானம் போட்டாச்சு, வேலை நடக்கலை: குழுவில் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

சுயஉதவிக் குழுவுக்குப் புதிதாக ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ பொறுப்பேற்றிருக்கிறீர்கள். குழு சேர்ந்து ஒரு தொழிலும் செய்கிறது. கூட்டத்தில் எல்லோரும் "செரி" என்கிறார்கள், மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்தும் போடுகிறார்கள். அடுத்த கூட்டம் வரைக்கும் ஒரு துரும்பும் அசைவதில்லை. இந்த நிலையில் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பயிற்சிகளில் சேமிப்பு, கடன், பதிவேடு எல்லாம் சொல்லித் தருவார்கள். குழுவுக்குள் ஆட்கள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்பதை நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்காக நான் தட்டுத் தடுமாறிச் சேர்த்த முறைதான் இது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் குழுக்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு நேந்திரம் சிப்ஸ் போடும் ஒரு குழுவை எடுத்துக்கொள்கிறேன். குழித்துறைக்குப் பக்கம், பன்னிரண்டு பேர். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் பேட்ரிக் லென்சியோனி 2002-ல் குழுக்களின் பழுதுகளை ஐந்து அடுக்காக வகுத்தார். அடியில் நம்பிக்கையின்மை. அதன்மேல் கருத்து மோதலுக்குப் பயம். அதன்மேல் முடிவில் பிடிப்பில்லாமை. பொறுப்புக் கேட்காமையும் பலனைக் கண்டுகொள்ளாமையும் அதற்கும் மேலே. நமக்குக் கீழே உள்ள மூன்று போதும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கண்ணுக்குத் தெரிவது மேல் அடுக்கு, பழுது கிடப்பது கீழ் அடுக்கு. அதனால் மேலே தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்க வேண்டும்.

1. தேவையான பதிவேடுகள், செலவு, நாள்

நான்கு பதிவேடுகள் வேண்டும்: மினிட்ஸ் புத்தகம், வருகைப் பதிவு, தயாரிப்பு நோட்டு (எத்தனை கிலோ காய், எத்தனை கிலோ சிப்ஸ், எவ்வளவு கழிவு), கடைகளில் இருந்து திரும்பி வந்த சரக்கின் கணக்கு. கடைசியாகச் சொன்னது பல குழுக்களில் தனி நோட்டாக இருக்காது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலில் கிறுக்கி வைத்திருப்பார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள். ஐந்தாம் படியில் எல்லாமே அதை வைத்துத்தான்.

கைக்காசு அதிகம் ஆகாது. ஒரு நோட்டு, கொஞ்சம் ஜெராக்ஸ், கூட்டத்தன்று சாயா, வடை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் வீடுவீடாகப் போவதற்கும் செலவில்லை. உண்மையான செலவு மற்றவர்களின் நேரம். ஒருத்தியை வேலை நேரத்தில் உட்கார வைத்துப் பேசினால் அவளுடைய கூலியில் பாதி நாள் போய்விடும், போகும்போது உங்கள் மேல் எரிச்சலும் கூடப் போகும். ரப்பர் பால் வெட்டப் போகிற வீடுகளில் காலையில் ஆள் இருக்காது. மாலை நாலு மணிக்கு மேல் போங்கள்.

மாதம் இரண்டு கூட்டம் நடக்கும் குழுவுக்கு மொத்தம் ஐந்து, ஆறு வாரம் ஒதுக்குங்கள். ஓணத்துக்கு முந்திய மாதத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள். ஏத்தங்காய் விலை ஏறி, ஆர்டர் குவிந்து, எல்லோரும் அடுப்படியில் வெந்துகொண்டிருக்கும்போது யாரும் யாரோடும் சரியாகப் பேச மாட்டார்கள். அதைப் பார்த்துக் குழுவே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். டிசம்பரும் வேண்டாம், கிறிஸ்துமஸ் வேலையில் பாதிப்பேர் கூட்டத்துக்கே வர மாட்டார்கள்.

2. இது மனசுப் பிரச்சினைதானா என்று முதலில் பாருங்கள்

வேலை நடக்காத எல்லா இடத்திலும் நம்பிக்கைக் குறைவைத் தேட வேண்டாம். சீவுகட்டை ஒன்றுதான் இருக்கிறது, எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்றால் அது கருவிப் பிரச்சினை. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் பேக்கிங் முறை வைத்திருந்தால் அது நேரப் பிரச்சினை. ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிய கூலி இரண்டு மாதமாகக் கைக்கு வரவில்லை என்றால் அது பணப் பிரச்சினை.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நடக்காத வேலையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கே கூலியும் சாமானும் நேரமும் கையில கிடைச்சா இது நடக்குமா?" என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். "நடக்கும்" என்று தோன்றினால் அதைச் சரி பண்ணுங்கள், இந்தக் கட்டுரை தேவையில்லை. "அப்பவும் நடக்காது" என்று தோன்றினால் தொடர்ந்து படியுங்கள்.

3. பிடிப்பைச் சோதிப்பது: மினிட்ஸ் புத்தகமும் மூன்று கேள்விகளும்

கடைசி ஆறு கூட்டங்களின் தீர்மானங்களை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், நடந்ததா. முதல் இரண்டு கட்டமும் காலியாகவே கிடந்தால் அங்கே முடிவே எடுக்கப்படவில்லை. ஒரு ஆசையை எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் பார்த்த குழுவில் இப்படி ஒரு வரி இருந்தது: "ஓணத்தை முன்னிட்டு உற்பத்தியை அதிகரிக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." எவ்வளவு, யார், எப்போதிலிருந்து என்று ஒரு எழுத்து இல்லை. கீழே பன்னிரண்டு கையெழுத்து.

அடுத்து, கூட்டம் முடிந்து இரண்டு மூன்று நாளுக்குள் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். நாள் தள்ளிப்போனால் மறந்துவிட்டார்களா, ஒப்புக்கொள்ளவில்லையா என்று பிரித்தறிய முடியாது.

"போன கூட்டத்துல சிப்ஸ் விஷயமா என்ன முடிவாச்சு?"
"அதுல உங்க வேலை என்ன, எப்போ முடியணும்?"
"அது நடக்கும்னு உங்களுக்குத் தோணுதா?"

பதில்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அந்தக் குழுவில் முதல் கேள்விக்கு ஒருவர் "தினம் நாப்பது கிலோ" என்றார், ஒருவர் "வாரத்துக்கு ரெண்டு நாள் கூடுதல்" என்றார். இன்னொருவர், "அடுப்பு இன்னொண்ணு வாங்கப் போறோம்லா" என்றார். மூன்றும் ஒரே கூட்டத்தைப் பற்றித்தான்.

இதைப் படிப்பது இப்படி. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தாலோ, இரண்டாவதுக்குத் தன் வேலை எதுவென்று சொல்லத் தெரியாவிட்டாலோ முடிவு தெளிவாக இல்லை. இதுதான் இருப்பதிலேயே சுலபமான பழுது. கூட்டம் கலையும் முன் ஒருவர் முடிவை உரக்க வாசித்து, பேரும் தேதியும் எழுதினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். முதல் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில் சொல்லி, இரண்டாவதுக்குத் தங்கள் வேலையையும் சரியாகச் சொல்லி, மூன்றாவதுக்கு மட்டும் "எங்க நடக்கப் போவுது" என்று சிரித்தால் கதை வேறு. அவர்களுக்கு முடிவு நன்றாகத் தெரியும், அது தோற்கும் என்பதும் தெரியும், கூட்டத்தில் சொல்லவில்லை. அப்படியானால் அடுத்த படிக்கு இறங்குங்கள்.

நம் குழுவில் இரண்டும் கலந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் பேரும் தேதியும் எழுத வைத்தோம். குழப்பம் தீர்ந்தது, மூன்றாவது கேள்விக்குப் பதில் மட்டும் மாறவில்லை. "மேடம், தேதி போட்டா காய் விலை கொறஞ்சிருமா?" என்று ஒரு அக்கா கேட்டார். அதைத்தான் கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டும்.

4. பயத்தைச் சோதிப்பது: எந்த யோசனையாவது மாறியிருக்கிறதா?

சத்தத்தை வைத்து எடை போடாதீர்கள். இது பலரும் விழுகிற குழி. சில குழுக்களில் சண்டைக்குக் குறைவே இருக்காது: யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை, சாவியை யார் கொண்டு போனார்கள், யார் யாரைப் பார்த்து முகம் திருப்பினார்கள். ஆனால் எண்ணெயை எத்தனை தடவை காய்ச்சலாம், எந்தக் கடைக்குக் கடன் கொடுக்கலாம் என்று ஒரு வாக்குவாதம் நடந்திருக்காது. ஆளைப் பற்றிய சண்டை தாராளமாக நடக்கும் குழுவில் விஷயத்தைப் பற்றிய சண்டைக்குப் பயம் இருக்கலாம். பெரும்பாலும் இருக்கும்.

மினிட்ஸ் புத்தகத்தையே மறுபடி திறங்கள். இந்தத் தடவை பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யாராவது கொண்டுவந்த ஒரு யோசனை, கூட்டத்தில் பேசிப் பேசி வேறு மாதிரியாக வெளியே வந்திருக்கிறதா? அல்லது விழுந்திருக்கிறதா? கடைசிப் பத்து யோசனையும் வந்தபடியே நிறைவேறியிருந்தால், கொண்டுவந்தவர் மகா கெட்டிக்காரராக இருக்க வேண்டும், அல்லது யாரும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம்.

பிறகு ஒரு கூட்டம் முழுக்கச் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். முடிவுக்கு முன்னால் யார் யார் பேசினார்கள் என்று பேருக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டாம். அங்கன்வாடித் திண்ணையிலோ சர்ச் வாசலிலோ செருப்பு மாட்டும் இடத்தில்தான் அடுத்த கூட்டம் தொடங்கும். உள்ளே கோடு விழாத பேர்கள் அங்கே பேசுவார்கள். உள்ளே பேசாததும் வெளியே பேசுவதும் ஒரே விஷயம் என்றால் பயம் உறுதி.

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர்க் குழுவில் இருப்பவர்கள் ஒரே தெரு, ஒரே சபை, பாதிப்பேர் சொந்தம். ஊக்குநருக்கு எதிராகப் பேசினால் அடுத்த கடன் விண்ணப்பத்தில் தன் பேர் கீழே போய்விடுமோ என்ற யோசனை வருவது நியாயம்தான். அந்தக் குழுவில் உற்பத்தியைக் கூட்டச் சொன்னவர் ஊக்குநர். அவருடைய சொந்த மைனியே உறுப்பினர். தனியாகக் கேட்டபோது மைனி சொன்னார்: "கூட்டத்துல மறுத்துப் பேசினா அது வீட்டுக்கு வரும். எனக்கு என்னத்துக்கு?"

இதை உறுதி செய்ய அடுத்த கூட்டத்தில் ஒரு சுற்று வையுங்கள். யோசனையைச் சொன்ன பிறகு, "இது நடக்காமப் போனா என்ன காரணத்தால போகும்?" என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயதில் இளையவரிடம் தொடங்குங்கள், ஊக்குநர் கடைசி. எதிர்ப்புச் சொல்வது இங்கே வேலையாகிவிடுவதால், யாரையும் எதிர்த்த மாதிரி ஆகாது. வெறும் மோதல் பயம்தான் என்றால் இரண்டாவது, மூன்றாவது ஆளிலேயே காரணங்கள் கொட்டத் தொடங்கும்.

அங்கே பாதி கொட்டியது. காய் விலை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட நேரம் எல்லாம் வந்தன. பொரிக்கும் இடத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. பொரிக்கிறவர்கள் நான்கு பேரும் "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல" என்று முடித்துக்கொண்டார்கள். அந்தச் சுற்றுக்குப் பிறகும் ஒரு இடம் மூடியே இருந்தால், பழுது இன்னும் ஓர் அடுக்கு கீழே.

5. நம்பிக்கையைச் சோதிப்பது: கழிவு நோட்டும் திரும்பி வந்த சரக்கும்

இங்கே நம்பிக்கை என்று சொல்வது பணம் திருட மாட்டார்கள் என்பதை அல்ல. "என்னால முடியலை", "நான் செய்தது தப்பாப் போச்சு", "எனக்கு இது தெரியாது" என்று வாய்விட்டுச் சொன்னால் அதை வைத்து என்னைக் குத்திக்காட்ட மாட்டார்கள் என்பது. இதை நேரடியாகக் கேட்டுப் பிரயோசனமில்லை. "ஒருத்தரை ஒருத்தர் நம்புறீங்களா?" என்று கேட்டால் எல்லாக் குழுவும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

அதனால் நோட்டைக் கேளுங்கள். தயாரிப்பு நோட்டில் கழிவு என்ற கட்டத்தை ஆறு மாதத்துக்கு வரிசையாகப் பாருங்கள். பக்கத்தில் திரும்பி வந்த சரக்கின் கணக்கை வையுங்கள். சிப்ஸ் போடும் இடத்தில் கழிவே இல்லாமல் இருக்காது. சூடு ஆறும் முன் கவரில் போட்டால் ஆவி உள்ளே நின்று நமுத்துப் போகும். எண்ணெய் பழசானால் காறல் வாடை வரும். தீ கூடினால் ஓரம் கருகும். உள்ளே கழிவு பூஜ்யம், வெளியே சரக்கு திரும்புகிறது என்றால் யாரோ தெரிந்தே மறைக்கிறார்கள்.

அந்த நோட்டில் இது துல்லியமாகத் தெரிந்தது. சித்திரை வரைக்கும் கழிவுக் கட்டத்தில் ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ, முக்கால் கிலோ என்று நீல மையில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் "தீ கூடுதல்" என்றெல்லாம் குறிப்புகூட இருந்தது. வைகாசியில் ஒரு நாள் ஒன்பது கிலோ. அதற்கு அடுத்த வரியிலிருந்து எல்லாம் சின்னச் சின்னக் கோடு. அதே மாதங்களில் மார்த்தாண்டத்திலும் கருங்கல்லிலும் உள்ள கடைகளில் இருந்து நமுத்த பாக்கெட் திரும்பி வந்தது கூடிக்கொண்டே போனது. அந்த ஒன்பது கிலோ நாளில் என்ன நடந்தது என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. பொரித்தவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, நஷ்டத்தை அவர் கூலியில் பிடித்திருக்கிறார்கள். "அதுக்கப்புறம் எவ எழுதுவா?" என்றார் நோட்டு எழுதுகிறவர்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ளதும் அல்ல. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் பிரிவில்தான் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே சொல்லப் பயமில்லாததால் தவறுகள் வெளியே தெரிந்தன என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே சுத்தமான கழிவுக் கட்டத்தைப் பார்த்து ஊக்குநரைப் பாராட்டாதீர்கள். அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் குழு தையலோ கயிறோ செய்தாலும் இந்தச் சோதனை பொருந்தும். உள்ளே எழுதும் குறைக் கணக்கு ஒன்று, வெளியிலிருந்து வரும் குறைக் கணக்கு ஒன்று, இரண்டையும் தேதிவாரியாகப் பக்கத்தில் வையுங்கள். எந்தத் தேதியில் இரண்டும் பிரிகின்றனவோ அந்தத் தேதியைப் பற்றிக் கேளுங்கள்.

6. இதில் விழக்கூடிய குழிகள்

பெயரில்லாமல் சீட்டில் எழுதிப் போடச் சொல்வது பெரிய நிறுவனத்தில் நடக்கும். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ஒருவர் கையெழுத்து இன்னொருவருக்கு மனப்பாடம். எழுதியது யார் என்று சாயா ஆறும் முன் தெரிந்துவிடும்.

வாட்ஸப் குழுவில் கேட்க வேண்டாம். அங்கே கட்டை விரல் படம் வரும், பதில் வராது. சில வீடுகளில் போன் கணவர் கையில் இருக்கும்.

தனியாகக் கேட்ட மூன்று கேள்விகளின் பதிலை, பேர் சொல்லாவிட்டாலும், அப்படியே கூட்டத்தில் வாசிக்காதீர்கள். "ஒருத்தங்க சொன்னாங்க" என்று தொடங்கிய உடனேயே எல்லோர் கண்ணும் ஒரு ஆளைத் தேடும். முடிவைப் பற்றி ஆளுக்கொரு பதில் வந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

ஒருவர் பேசவில்லை என்பதற்காக அவரைப் பயந்தவர் பட்டியலில் சேர்க்காதீர்கள். சிலருக்கு அந்த விஷயத்தில் அக்கறையே இல்லை, சிலருக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால்தான் தனியாகப் பார்ப்பதைக் கைவிடக் கூடாது என்கிறேன்.

7. எதை முதலில் சரி செய்வது

கீழிருந்து மேலே போங்கள். மேல் அடுக்கை மட்டும் பூசினால் மாதம் ஒன்று தாங்காது. அந்தக் குழுவில் முதல் வேலையாக, கழிவுக்காகக் கூலி பிடிப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பிடித்த தொகையைப் பொது லாபத்திலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு ஊக்குநரைச் சம்மதிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, "அப்போ ஆளாளுக்குக் கருக்கிப் போடுவாளுவ" என்று நின்றார். வேண்டுமென்றே கருக்குகிறவர் நோட்டில் எழுத மாட்டார், எழுதுகிறவர் வேண்டுமென்றே கருக்குவதில்லை என்று பேசித்தான் நகர்த்த முடிந்தது. கழிவை எழுதும்போது ஆளின் பேர் எழுதாமல் காரணத்தை மட்டும் எழுதுவது என்றும் வைத்தார்கள்.

இரண்டாவதாக, எதிர்ப்புச் சுற்றை ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் வழக்கமாக்கினார்கள். பேரும் தேதியும் மூன்றாவதாகத்தான்.

திரும்பச் சோதிக்க இரண்டு மாதம் விட்டுக் கழிவு நோட்டைப் பாருங்கள். கழிவு எண்ணிக்கை கூடியிருந்தால் பதற வேண்டாம், அதுதான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது. திரும்பி வரும் பாக்கெட் குறைகிறதா என்பதை அதற்கடுத்த மாதங்களில் பாருங்கள். இங்கே கோடுகள் போய் மறுபடி கிலோக் கணக்கு வந்தது. ஆற வைக்கும் நேரம் போதாது என்பதும் அந்தக் குறிப்புகளில் இருந்துதான் தெரிந்தது. தட்டு கூடுதலாக வாங்கினார்கள். தினம் நாற்பது கிலோ என்ற இலக்கை அந்த ஓணத்துக்கு எட்டவில்லை, முப்பதோடு நிறுத்திக்கொள்வது என்று கூட்டத்தில் பேசி மாற்றினார்கள்.

8. இந்த வழி செல்லாத இடம்

வங்கிப் புத்தகத்துக்கும் ரொக்கப் புத்தகத்துக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை, உறுப்பினர் கட்டிய தவணை வங்கிக்குப் போய்ச் சேரவில்லை என்பது போல ஏதாவது கண்ணில் பட்டால் இந்தச் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். அது மனத்தாங்கல் கேள்வி அல்ல, தணிக்கைக் கேள்வி. எதிர்ப்புச் சுற்று வைத்துத் தீர்க்கப் போனால் ஆதாரம்தான் கலையும். சம்பந்தப்பட்ட பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, வங்கியில் கணக்கு அறிக்கை வாங்கி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே அசையவில்லை என்றால் உங்கள் ஒன்றியத்தில் உள்ள வட்டார இயக்க மேலாண்மை அலகுக்கும், பிறகு நாகர்கோவிலில் மகளிர் திட்ட அலுவலகத்துக்கும் போகலாம். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.